விசில் வந்தது, கறி வேகவில்லை

சேந்தமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலையிலிருந்து உறவினர்கள் நான்கு பேர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர்களை வெறும் ரசம் சாதத்தோடு அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. ஃப்ரீசரில் போன வாரம் வாங்கிப் போட்ட ஒரு கிலோ பிராய்லர் கறி இருந்தது. பாலித்தீன் கவர் கறியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரைக் காட்டி கவரை உரித்தெடுத்தால் செங்கல் போல ஒரே கட்டி. அதை அப்படியே குக்கரில், வதக்கிய வெங்காயம் தக்காளியின் மேல் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினாள். மூன்று விசில் விட்டு இறக்கினாள்.

மூடியைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. வெளியே இருந்த துண்டுகள் எலும்பை விட்டுக் கழன்று வந்தன. கரண்டியால் நடுவே பிளந்ததும் அக்காவின் முகம் மாறியது. உள்ளே நாலைந்து துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, ரோஜா நிறத்தில், பச்சையாகக் கிடந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் சில்லென்று இருந்தது.

"என்ன தம்பி இது, மூணு விசில் வந்துச்சே?"

விசில் வந்தது உண்மைதான். ஆனால் அது தண்ணீரைப் பற்றிய செய்தி. அடியில் இருக்கும் தண்ணீர் கொதித்து, நீராவி வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறினால் விசில் வரும். அப்போது உள்ளே இருக்கும் ஆவியின் சூடு சுமார் 120 டிகிரி. அந்த ஆவி கறிக்கட்டியின் மேற்பரப்பைத்தான் தொடுகிறது. கட்டியின் நடுவே என்ன நடக்கிறது என்று வெயிட்டுக்குத் தெரியாது.

நடுவே சூடு போய்ச் சேர ஏன் இத்தனை தாமதம்? கோழிக்கறியில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். உறைந்த ஒரு கிலோ கறியில் இருக்கும் பனியை உருக்க மட்டும் ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகி முடித்த அதே கறியை பூஜ்ஜியத்திலிருந்து 75 டிகிரி வரை சூடாக்கவும் ஏறத்தாழ அவ்வளவே ஆகும். அதாவது ஃப்ரீசரிலிருந்து நேராக அடுப்புக்குப் போகும் கறியை இரண்டு முறை சமைக்க வேண்டியிருக்கிறது. முதல் முறை முழுவதும் பனியை உருக்குவதிலேயே போய்விடும். அதுவரை நடுப்பகுதியின் சூடு பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும்.

அதோடு போகவில்லை. பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தும்; தண்ணீரைவிட மூன்று மடங்குக்கும் மேல். கறியிலும் அப்படித்தான். உறைந்த கறி வெப்பத்தைச் சுலபமாக உள்ளே விடும், உருகிய கறி விடாது. கட்டியின் வெளிப்புறம் முதலில் உருகுகிறதல்லவா, அந்த உருகிய அடுக்கே உள்ளிருக்கும் பனிக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடுகிறது. வெளியே வேக வேக, உள்ளே சூடு போகும் வழி நீண்டுகொண்டே போகிறது. கனமும் சேர்ந்துகொள்ளும். ஒரு பொருளின் நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் நேரம் அதன் கனத்தின் வர்க்கத்தில் கூடும். ஓர் அங்குலக் கனமுள்ள கறியோடு ஒப்பிட்டால், நாலு அங்குலக் கட்டிக்கு நாலு மடங்கல்ல, பதினாறு மடங்கு நேரம் ஆகும். அக்காவின் மூன்று விசில் ஓர் அங்குலத் துண்டுகளுக்கான கணக்கு.

வாங்கும்போது தனித்தனியாக இருந்த துண்டுகள் ஏன் ஒரே கட்டியாயின? கவரின் அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பனித்தகடு இருந்ததைக் கவனித்தேன். வாரத்தின் நடுவே கரண்ட் வெகுநேரம் போயிருந்தது என்று அக்கா சொன்னாள். கறி பாதி உருகி, சாறு கீழே வடிந்து, கரண்ட் வந்ததும் அந்தச் சாறே பசைபோலத் துண்டுகளை ஒட்டவைத்து உறைந்திருக்கிறது. உறைந்த இறைச்சியைக் கீழே வாங்கி பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோய் மறுபடி ஃப்ரீசரில் வைத்தாலும் இதே கதைதான். அந்தத் தகட்டைப் பார்த்தால், கறி ஒருமுறை இளகி மீண்டும் உறைந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வேகாத நடுப்பகுதியில் என்ன ஆபத்து? உறைய வைப்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் எல்லாம் சாவதில்லை, பெரும்பாலும் தூங்கிக் கிடக்கும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் அவை செத்துவிடும். ஒரே சட்டியில் ஒரு துண்டு 100 டிகிரியைத் தாண்டியும் பக்கத்துத் துண்டு 20 டிகிரியிலும் இருந்தால், எந்தத் துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதுதான் மிச்சம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததையும், நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்ததையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதிலிருந்து, கம்பியில் அடுக்கிய கறி வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருக்கலாம் என்ற பயம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. மூடிய குக்கருக்குள்ளும் அது நடக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஸ்லோ குக்கரில் ஆபத்து வேறு விதம். நம்மூரில் அது அபூர்வம். டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் காலையில் உறைந்த கறியை அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சாப்பிடுகிறார்கள். எட்டு மணி நேரத்தில் கறி வெந்துதான் இருக்கும், நடுவே பச்சையாக இருக்காது. ஆனால் ஸ்லோ குக்கரின் மின்சக்தி ஒரு பழைய குண்டு பல்பு இரண்டு மூன்றுக்குச் சமம். பனியை உருக்கி, கறி 60 டிகிரியைத் தாண்டவே பல மணி நேரம் ஆகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கும் வெதுவெதுப்புதான் கிருமிகள் பெருகும் இடம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமி 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஸ்டாஃபிலோகாக்கஸ் விடும் நஞ்சோ கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்துவிடும், அது விட்டுப்போன நஞ்சு குழம்பிலேயே இருக்கும். அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, ஸ்லோ குக்கரில் போடும் இறைச்சியைக் கட்டாயம் முன்பே உருக்கிக்கொள்ளச் சொல்கிறது. குக்கரில் சமையல் சீக்கிரம் முடிந்துவிடுவது வம்பு. இதில் சூடு தாமதமாக வருவது வம்பு.

நிறத்தை நம்பவும் முடியாது. பிராய்லர் இளங்கோழி, அதன் எலும்பில் நுண்துளைகள் அதிகம். உறையும்போது மஜ்ஜையின் நிறமி கசிந்து எலும்பை ஒட்டிய கறி கருஞ்சிவப்பாகும். நன்றாக வெந்த பிறகும் அந்த நிறம் போகாது, அதைச் சாப்பிடலாம். மறுபக்கம், வெளுத்துப்போன கறியெல்லாம் 74 டிகிரியைத் தொட்டது என்றும் சொல்ல முடியாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றுதான் பொய் சொல்லாது. எலும்பில் படாமல், தடித்த துண்டின் நடுவே குத்த வேண்டும்.

அன்று அக்கா கட்டியைப் பிரித்துப் போட்டு, கொஞ்சம் வெந்நீர் சேர்த்து, ஆறவிடாமல் உடனே மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அதுதான் சரி. அரைவேக்காடாக ஓரமாய் வைத்து மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், குக்கரே ஸ்லோ குக்கராகியிருக்கும்.

இப்போது அவள் கறி வாங்கி வந்ததும் கவரில் ஓர் அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, தட்டையாக ஃப்ரீசரில் வைக்கிறாள். சமைக்கும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறாள். மறந்துபோனால் கவரை இறுகக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறாள். சமையல் மேடையில் வெறுமனே வைப்பதில்லை, நாமக்கல் வெயிலில் உள்ளே பனி இருக்கும்போதே வெளிப்புறம் வெதுவெதுப்பாகிவிடும். போன முறை அதற்கும் நேரமில்லை. மூடி போடாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தட்டையான கறியைப் போட்டு, கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்த பிறகே மூடினாள். விசிலை அதற்குப் பிறகுதான் எண்ண ஆரம்பித்தாள்.