கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டிய வரிகள்

கான்கிரீட் தளம் ஊற்றப்பட்டு இறுகும் வரை அதன் முழு எடையையும் சுமந்து நிற்கும் முட்டுகள், ஜாக்கிகள், குறுக்குக் கட்டுகள் ஆகியவற்றின் தொகுதியே தற்காலிகத் தாங்கமைப்பு எனப்படுகிறது. அதை வடிவமைத்தவர் அல்லாத வேறொரு பொறியாளர் சரிபார்த்து வழங்கும் வடிவமைப்புச் சரிபார்ப்புச் சான்றிதழில் “வரைபடம் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது” என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், எது, எந்த அனுமானத்தின் மேல் பார்க்கப்பட்டது என்பது அதிலிருந்து எவருக்கும் தெரியாது.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அது தளம் ஊற்றும் பணியன்று என்றாலும், முழுமை பெறாத அமைப்பின் கீழும் மேலும் மனிதர்கள் வேலை செய்யும் நிலைமை இரண்டுக்கும் பொதுவானது. பிரிட்டனில் 1972 அக்டோபரில் லாடன் ஆற்றுப் பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்போது தாங்கமைப்பு சரிந்து 3 பேர் இறந்ததையடுத்து, ஸ்டீபன் பிராக் தலைமையிலான குழு 1975இல் அளித்த அறிக்கையும், அதன் வழியே 1982இல் வெளிவந்த பிஎஸ் 5975 தரநூலும் சரிபார்ப்பை ஒரு தனிப் படிநிலையாக்கின. இந்தியாவில் ஐஎஸ் 14687 (1999) தாங்கமைப்புக்கான வழிகாட்டியாக உள்ளது.

எண்ணூரில் 20 செ.மீ. தடிமனுள்ள கிடங்குத் தளம் ஒன்று ஊற்றப்படுவதாகக் கொண்டால், சான்றிதழின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்பது விளங்கும். கம்பியோடு கூடிய ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 520 கிலோ, பலகை முதலியன 50 கிலோ, ஆட்களும் கருவிகளும் 150 கிலோ எனக் கணக்கிட்டால் மொத்தம் 720 கிலோவாகும். முட்டுகள் இரு திசைகளிலும் 1.2 மீட்டர் இடைவெளியில் நின்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,040 கிலோ சுமக்கும். ஆனால் மேலே ஓடும் விட்டம் தொடர்ச்சியாக இரண்டு இடைவெளிகளைக் கடந்தால் நடு முட்டின் பங்கு கால் பங்கு கூடி 1,300 கிலோவாகிவிடும். ஆகவே “முட்டு இடைவெளி 1.2 மீட்டர், நடு முட்டின் சுமை 1,300 கிலோ, ஜாக்கியின் உயரம் 3 மீட்டருக்கு மேற்படாது” என்று எண்களோடு எழுதப்பட வேண்டும். வளைந்து நொடியும் ஆபத்து உயரத்தின் இருமடிப்படி வளர்வதால், அதே குழாய் 4 மீட்டர் உயரத்தில் நின்றால் நொடிவைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ 56 விழுக்காடே எஞ்சும். துருவேறிக் குழாய்ச் சுவர் மெலிந்த ஜாக்கிகள் கடற்காற்றுக்கு ஆட்பட்ட இப்பகுதியில் அரிதல்ல என்பதால், கணக்கு எந்தச் சுவர்த் தடிமனை வைத்துப் போடப்பட்டது என்பதும் இடம்பெற வேண்டும்.

அடுத்தது நிலம். 15 செ.மீ. சதுரத் தட்டின் மேல் அந்த 1,300 கிலோ இறங்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 58 டன் அழுத்தம் உண்டாகும்; கொட்டி நிரப்பிய மண் அதைத் தாங்காது. 22.5 செ.மீ. அகலமுள்ள விறைப்பான பலகையின் 60 செ.மீ. நீளம் சுமையைப் பகிர்ந்தால் அது 10 டன்னுக்குள் அடங்கும். எனவே நிலத்தின் தாங்குதிறன் எவரால், எங்கு, எப்போது அறியப்பட்டது என்பதையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மறுபடி பார்க்கப்பட வேண்டும் என்பதையும் சான்றிதழ் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் பலகைக்கு அடியில் மண் கரைந்துபோனது எவர் பொறுப்பு என்ற கேள்விக்கு விடையிராது.

பக்கவாட்டு விசை பலரும் விட்டுவிடும் வரியாகும். பிஎஸ் 5975 செங்குத்துச் சுமையில் 2.5 விழுக்காட்டைக் குறைந்தபட்சப் பக்கவிசையாகக் கேட்கிறது. 100 சதுர மீட்டர் தளத்துக்கு இது 1.8 டன். மூலைவிட்டக் கட்டுகள் எங்கு அமைய வேண்டும் என்று சொல்லாத சான்றிதழ் இவ்விசையைப் பற்றி ஏதும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

“இது முற்றிலும் பாதுகாப்பானது என உறுதியளிக்கப்படுகிறது” என்ற வாக்கியமும் ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில் களத்தில் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சரிபார்ப்பவர் பார்த்திருப்பதில்லை. “எண்ணும் திருத்த எண்ணும் குறித்த இந்த வரைபடத்தை, வடிவமைத்தவரின் கணக்கைப் பாராமல், தகுந்த தொழில்திறனோடும் கவனத்தோடும் தனியே சரிபார்த்தேன், மேற்கண்ட அனுமானங்களுக்குள் இது போதுமானது” என்பதே அவரால் உண்மையாக ஒப்பமிடக்கூடிய வாசகம். வடிவமைத்தவரின் கணக்கை வரி வரியாகப் பின்தொடர்பவர் அவருடைய பிழையையும் பின்தொடரக்கூடும் என்பதே இந்தத் தனித்தன்மைக்கான காரணம். எளிய அமைப்புக்கு அதே குழுவின் இன்னொருவரும், சிக்கலானதற்கு அந்த வடிவமைப்பில் ஈடுபடாதவரும், மிகச் சிக்கலானதற்கு வேறு நிறுவனமும் சரிபார்க்க வேண்டும் என்ற பிரிட்டானிய வகைப்பாட்டைக் குறிப்பிட்டு, எந்த வகை என்பதையும் எழுதுவது நல்லது.

கான்கிரீட் ஊற்ற அனுமதி என்பது இச்சான்றிதழிலிருந்து வேறான ஆவணம். சான்றிதழ் தாளில் உள்ள வடிவமைப்பைப் பற்றியது. ஊற்ற அனுமதி, முட்டுகள் அதே வரைபடப்படி நிற்கின்றனவா என்று அன்று காலையில் நேரில் பார்த்தவர் தருவது. எஃகு ஜாக்கி போதாமல் இடையில் இரண்டு சவுக்குக் கட்டைகள் நுழைக்கப்பட்டாலோ, ஒரு வரிசை முட்டு லாரி நுழைவதற்காக அகற்றப்பட்டாலோ, அந்தச் சான்றிதழ் அந்த அமைப்புக்குப் பொருந்தாது. திருத்திய வரைபடமும் புதிய கையெழுத்தும் வரும் வரை ஊற்றுவது நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் சான்றிதழே கடைசி வரியாகச் சொல்ல வேண்டும்.