கணக்கு அங்கே, கார்டு இங்கே

எட்டு ஆண்டுகள் நியூஜெர்சியில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடியாயிற்று. அமெரிக்காவில் தொடங்கிய ஆப்பிள் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் 200 ஜிபி ஐகிளவுட் இடத்துக்கு மாதம் 2.99 டாலர் போய்க்கொண்டிருந்தது. பழைய கார்டு செல்லாமல் போனதும் அந்தத் தொகை எடுக்கப்படவில்லை. சரி, இந்திய கார்டைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், முகவரிப் பகுதியில் அமெரிக்க மாநிலங்களின் பெயர்களே வருகின்றன, தமிழ்நாட்டைக் காணோம். அங்கே இருக்கும் நண்பரின் முகவரியைப் போட்டுப் பார்த்தாலும் கார்டு நிராகரிக்கப்படுகிறது. வங்கிக்குப் போன் செய்தால், "எங்களுக்கு அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லையே" என்கிறார்கள்.

வங்கி சொல்வது பெரும்பாலும் உண்மைதான். கார்டைத் தடுத்தது வங்கி அல்ல, கடை.

கார்டில் இருக்கும் நீண்ட எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அந்தக் கார்டைத் தந்த வங்கியைக் குறிப்பவை. முதல் இலக்கம் 4 என்றால் விசா; அடுத்து வரும் இலக்கங்களை வைத்து எந்த வங்கி, எந்த நாடு, டெபிட் கார்டா கிரெடிட் கார்டா என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த விவரங்கள் அடங்கிய பட்டியல் பணம் வாங்கும் நிறுவனங்களிடம் இருக்கிறது. எனவே முகவரியில் எந்த ஊரை எழுதினாலும், கார்டு சென்னையில் வாங்கியதா நியூயார்க்கில் வாங்கியதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். கணக்கின் நாடும் கார்டின் நாடும் ஒத்துப்போகாவிட்டால், வங்கியைக் கேட்காமலே கடை அந்தக் கார்டை ஒதுக்கிவிட முடியும்.

எங்கிருந்து வந்தாலும் பணம் பணம்தானே, கடைக்கு என்ன கவலை என்று தோன்றலாம். கவலைக்குக் காரணங்கள் உண்டு. பாட்டையும் படத்தையும் ஒளிபரப்பும் உரிமை நாடு நாடாகத்தான் விற்கப்படுகிறது. விலையும் அப்படியே. யூடியூப் பிரீமியத்தின் தனிநபர் சந்தா 2024 ஆகஸ்டில் இந்தியாவில் 149 ரூபாயானது. அப்போது அமெரிக்காவில் அதே சந்தா 13.99 டாலர், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, யார் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் விட எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் வரி. வெளிநாட்டு நிறுவனம் இணையத்தின் வழியே இந்தியர்களுக்குச் சேவை விற்றால் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாங்குபவர் இந்தியாவில்தான் இருக்கிறார் என்பதை எப்படி முடிவு செய்வது? 2017ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இதற்கு ஏழு அடையாளங்களைச் சொல்கிறது. வாங்குபவர் கொடுத்த முகவரி, பில் போகும் முகவரி, கணினியின் ஐபி முகவரி, வங்கிக் கணக்கு இருக்கும் இடம், சிம் கார்டின் நாடு, தரைவழித் தொலைபேசி இருக்கும் இடம் ஆகியவற்றோடு, கார்டு எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்பதும் அதில் ஒன்று. ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு அடையாளங்கள் கிடைத்தால் போதும், அவர் இந்தியாவில் இருப்பவராகக் கொள்ளப்படுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி விதிகளும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் சான்று கேட்கின்றன. அமெரிக்கக் கணக்கில் இந்திய கார்டு நுழைந்தால், வரியை எந்த அரசுக்குக் கட்டுவது என்ற குழப்பம் கடையின் தலையில் விழுகிறது.

ஆனால் எல்லா நிராகரிப்பும் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இந்திய கார்டுகளில் இதே போலத் தோன்றும் வேறொரு தடையும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டு முதலில் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் உள்ள ஸ்வைப்பிங் மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். இணையத்தில் வாங்குவதற்கும் வெளிநாட்டில் செலவழிப்பதற்கும் வாடிக்கையாளரே வங்கியின் செயலியில் அனுமதியைத் திறந்துவிட வேண்டும். இது திறக்கப்படாமல் இருந்தாலும் திரையில் ஏறக்குறைய அதே மறுப்புச் செய்திதான் வரும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி, வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்ப்பது. ஓடிபி வந்தாலோ, பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது என்று வங்கி தகவல் அனுப்பினாலோ, கோரிக்கை வங்கி வரை போயிருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டு அனுமதியையும் செலவு வரம்பையும் சரிபார்க்க வேண்டும். போனில் எந்தச் சலனமும் இல்லை, வங்கியின் செயலியிலும் அந்த முயற்சியின் தடயமே இல்லை என்றால், வங்கியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தடை கணக்கின் நாட்டில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுப்புது கார்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டு நாள் முழுவதையும் வீணடிப்பவர்கள் பலர்.

இனி சென்னைக் குடும்பத்துக்கு வருவோம். உடனடியாகச் செய்யக்கூடியது பரிசு அட்டை. ஆப்பிள் பரிசு அட்டை எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் செல்லும். எனவே இந்தியாவில் வாங்கியது உதவாது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்கே வாங்கி, அதன் குறியீட்டை அனுப்ப வேண்டும். ஐம்பது டாலர் இருப்பில் ஏறினால், மாதம் 2.99 வீதம் பதினாறு மாதம் வரை ஓடும். வரி சேர்ந்தால் கொஞ்சம் குறையும். இருப்பில் பணம் இருக்கும்வரை கார்டு இல்லாமலே சந்தா புதுப்பிக்கப்படும். மூச்சுவிட அவகாசம் தரும் வழி இது. நிரந்தரமாக ஊருக்கே வந்துவிட்டவர்கள் இதையே நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது சரியல்ல. இங்குள்ள வங்கிச் செயலிகள் சில இந்திய ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும். அப்போது எப்படியும் நாட்டை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

நாட்டை மாற்றும் இடம் ஐபோனின் அமைப்புகளில், பெயரைத் தொட்டால் வரும் Media & Purchases பகுதியில் View Account என்பதற்குள் இருக்கும் Country/Region. தொடுவது சுலபம், அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்தான் அதிகம். கணக்கில் மிச்சமிருக்கும் இருப்பைச் செலவழித்துவிட வேண்டும். எதையும் வாங்க முடியாத அளவுக்குச் சில சென்ட்டுகள் மட்டும் தங்கிவிட்டால், ஆப்பிள் உதவி மையத்தைக் கேட்டு அதை நீக்கச் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை ரத்து செய்து, அவற்றின் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஓராண்டுச் சந்தா கட்டியிருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பல மாதங்கள் நீளும். குடும்பப் பகிர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதிலிருந்து விலக வேண்டிவரலாம். வாங்கியவற்றைக் குழுவுக்குள் பகிர்ந்துகொள்ள எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பதால், வீட்டில் ஒருவர் மாறினால் மற்றவர்களும் மாற வேண்டும்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது ஐகிளவுட். கட்டணத் திட்டம் முடிந்து புதியது தொடங்கும்வரை இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. 150 ஜிபி படங்கள் வைத்திருப்பவருக்கு அந்த இடைவெளியில் புதிய படங்கள் மேலே ஏறாது, காப்புப் பிரதி எடுக்கப்படாது, ஐகிளவுட் மின்னஞ்சல்கூட வராது. ஆகவே பழைய திட்டம் முடிவதற்கு முன்பே எல்லாப் படங்களையும் ஒரு கணினியிலோ வெளி வன்தட்டிலோ முழுமையாக இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். அமெரிக்க ஸ்டோரில் வாங்கிய திரைப்படங்களும் பாடல்களும் இந்திய ஸ்டோரில் இல்லாமல் போகலாம். அவற்றையும் முன்பே தரவிறக்கிவிட வேண்டும்.

நாடு மாறிய பிறகும் கார்டை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து, 2022 மே மாதம் ஆப்பிள் இந்திய ஸ்டோரில் கார்டு வாங்குவதை நிறுத்தியது. யுபிஐயும் நெட் பேங்கிங்கும் கணக்கில் ஏற்றும் இருப்புமே வழிகளாயின. யுபிஐ தானியங்கிக் கட்டணத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டால் மாதம் 219 ரூபாய்க்கு அதே 200 ஜிபி கிடைக்கும். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தகவல் வந்துவிடும்.

இந்தியாவில் தொடங்கிய கணக்கோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் யுபிஐ கைகொடுக்கும். 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் உட்படப் பத்து நாடுகளின் கைபேசி எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு யுபிஐயில் இணைக்க இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அனுமதி தந்தது. தங்கள் வங்கி இந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூகுள் பிளேயில் விதி வேறு மாதிரி. புதிய நாட்டுக்கு நேரில் போன பிறகுதான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே திரையில் தெரியும். அந்த நாட்டின் கட்டண முறை ஒன்றையும் சேர்க்க வேண்டும். மாற்றம் முழுமையாக நடக்க 48 மணி நேரம் வரை ஆகலாம். பழைய நாட்டில் உள்ள இருப்பு கூடவே வராது. மாற்றிவிட்டால் ஓராண்டுக்குத் திரும்ப மாற்ற முடியாது. ஆறு மாத வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் அவசரப்பட்டு மாற்றிக்கொண்டால், ஊர் திரும்பியதும் மீதி ஆறு மாதம் அவதிப்படுவார்கள். குறுகிய காலப் பயணத்துக்கு நாட்டைத் தொடவே கூடாது.

இந்தச் சுவரை விபிஎன் போட்டுத் தாண்டலாம் என்ற யோசனையும் நிறைய உலவுகிறது. வேறு நாட்டு விலையில் யூடியூப் பிரீமியம் வாங்கியவர்களின் சந்தாக்களை 2024 ஜூனில் கூகுள் ரத்து செய்யத் தொடங்கியது. மலிவு விலைக்காக நாட்டை மாற்றிக் காட்டுகிறவர்களைத் தடுக்க நிறுவனங்களுக்கு நியாயம் இருக்கிறது. வேலைக்காக நாடு மாறியவர்களும் படிக்கப் போன பிள்ளைகளும், ஊரிலிருக்கும் பெற்றோருக்காகப் பணம் கட்ட நினைப்பவர்களும் அதே வலையில் விழுவதுதான் அநியாயம். அவர்கள் எந்த விலையையும் ஏமாற்றவில்லை.

இந்த அநியாயத்தைச் சட்டத்தின் மூலம் கேட்கத் தொடங்கியிருப்பது ஐரோப்பா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கார்டு வழங்கப்பட்ட நாட்டைக் காரணம் காட்டி வாடிக்கையாளரைப் பாகுபடுத்தக் கூடாது என்ற விதி 2018 டிசம்பர் 3 முதல் அங்கே அமலில் இருக்கிறது. கணக்கு பதிவான நாட்டில் வழங்கப்பட்ட கார்டுகளை மட்டும் ஏற்கும் ஆப்பிளின் முறை இந்த விதியை மீறுவதாகத் தெரிகிறது என்று 2024 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் அந்த நிறுவனத்துக்கு அறிவித்தன. பதில் சொல்ல ஒரு மாத அவகாசமும் கொடுத்தன. பாரிஸில் வேலை பார்க்கும் ஜெர்மானியர் தன் ஜெர்மன் கணக்கில் பிரெஞ்சு வங்கிக் கார்டைப் போட முடியாமல் தவிப்பதற்கு எதிரான நடவடிக்கை இது. பாரிஸில் இருந்துகொண்டு இந்தியக் கணக்கு வைத்திருக்கும் புதுச்சேரிக்காரருக்கு அந்த விதி பொருந்தாது. ஒன்றியத்தின் எல்லைக்கு வெளியே உள்ள நாடுகளின் கணக்குகளை அது தொடுவதில்லை.