ஒரே ‘கோ’, இரண்டு பதிவுகள்

‘கோ’ என்ற எழுத்தை எழுதும் கை முதலில் இரட்டைக்கொம்பைப் போட்டு, ககரத்தை எழுதி, கடைசியில் துணைக்காலை இழுக்கிறது. யூனிகோடு இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. அதில் உச்சரிக்கும் வரிசைதான்: முதலில் க, பிறகு ஓகாரக் குறி. கொம்பும் காலும் க-வின் இரு பக்கமும் பிரிந்து நின்றாலும், அந்த ஓகாரக் குறிக்கு 0BCB என்ற ஒரே குறியெண் உண்டு.

ஆனால் இரட்டைக்கொம்புக்கும் (0BC7) துணைக்காலுக்கும் (0BBE) தனித்தனிக் குறியெண்களும் இருக்கின்றன. ‘கே’, ‘கா’ ஆகியவற்றை எழுத அவை தேவை. ஆகவே க-வுக்குப் பின் அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் ‘கோ’ தெரியும். ‘கோவில்’ என்ற சொல் இப்படி இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்:

```
0B95 0BCB 0BB5 0BBF 0BB2 0BCD
0B95 0BC7 0BBE 0BB5 0BBF 0BB2 0BCD
```

முதல் வரியில் ஆறு குறியெண்கள், இரண்டாவதில் ஏழு. எதுவும் பிழையில்லை, இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரமே அறிவித்திருக்கிறது. தமிழில் இந்த இரட்டை நிலை நான்கு இடங்களில் மட்டும் உண்டு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ‘ஔ’ என்ற உயிரெழுத்து. பின்னிரண்டின் வலப்பகுதிக்கென்றே 0BD7 என்ற தனிக் குறியெண் வைக்கப்பட்டுள்ளது.

பிரிந்த வடிவம் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களிலிருந்து வருகிறது. பாமினியில் ‘கோ’ என்பது Nfh என்ற மூன்று விசைகள்: N கொம்பு, f ககரம், h கால். இதை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் கொம்பை மட்டும் க-வுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு நின்றால், கொம்பும் காலும் சேராமலே கோப்பில் தங்கிவிடும். திரையில் எழுத்து சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்த மாற்றத்தில்தான் குட்டு வெளிப்படும். ‘கோவில்’ என்பதை ரோமன் எழுத்துக்கு மாற்றினால் kōvil வரவேண்டும். நிரலின் அட்டவணையில் 0BCB-க்கு ō, 0BC7-க்கு ē, 0BBE-க்கு ā என்று இருக்கும். பிரிந்த வடிவம் உள்ளே போனால் கிடைப்பது kēāvil. தேடலிலும் இதே கதைதான்: குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரல், கண்ணெதிரே இருக்கும் சொல்லை ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

இதற்கு மருந்து, மாற்றத்துக்கு முன்பே உரை முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. இதற்கு இயல்பாக்கம் என்று பெயர். NFC என்ற முறை பிரிந்தவற்றைச் சேர்க்கும். NFD சேர்ந்தவற்றைப் பிரிக்கும். பைத்தானில் இதற்கு இரண்டு வரி போதும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

மாற்று அட்டவணையும் அதே வடிவில் இருக்கவேண்டும். உரையை மட்டும் சேர்த்துவிட்டு, அட்டவணையில் பிரிந்த வடிவம் கிடந்தால் பொருத்தம் மறுபடியும் தவறும். NFKC என்ற இன்னொரு முறையைத் தவிர்ப்பது நல்லது. க² என்று மேலெண் இட்டு வடமொழி ஒலிகளைக் காட்டும் பக்தி நூல்களில், அது மேலெண்ணைச் சாதாரண 2 ஆக்கிவிடும்.

NFC-யின் எல்லை இங்கே முடிகிறது. தரம் சமம் என்று அறிவித்தவற்றை மட்டுமே அது தொடும். பார்வைக்கு ஒத்திருக்கும் பிழைகளைத் தொடாது. ‘அவர்’ என்பதில் ர-வுக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பது இணையத் தமிழில் அடிக்கடி காணும் பிழை. துணைக்காலை அடுத்துப் புள்ளி வரும் தமிழ்ச் சொல் கிடையாது. ஆகவே அந்த இணையைக் கண்ட இடமெல்லாம் ‘ர்’ என்று மாற்றிவிடலாம்.

ஔகாரம் அவ்வளவு எளிதல்ல. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, ளகரம் என்று மூன்று துண்டுகளாகத் தட்டியவர்கள் ஏராளம். அங்கே 0BD7-க்குப் பதில் ள என்ற முழு எழுத்தே உட்கார்ந்திருக்கும். கொம்பை அடுத்த ள-வையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக்கினால் ‘கெளுத்தி’ மீன் சிதைந்துபோகும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம், அதைத் தொடக்கூடாது. எதுவும் இல்லாவிட்டால் சொற்பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே மாற்றவேண்டும்.

காலை முதலில் தட்டிக் கொம்பைப் பின்னால் தட்டிய இடங்களையும் NFC சேர்க்காது. அவற்றைத் திருப்பிவிட்டுத்தான் NFC-யை ஓட்டவேண்டும். ஓட்டி முடித்தபின், ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னொரு உயிர்க்குறி வரும் இடங்களைத் தேடினால், மீந்திருக்கும் தட்டச்சுப் பிழைகள் அங்கே அகப்படும்.