தூள் கொஞ்சம், புகை அதிகம்

"சிகரெட் விற்கிற விலைக்குப் பீடிதான் சரி. தூளும் கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது" என்பார் தெல்தோட்டையில் இருக்கும் என் மாமா. கண்டி நகரக் கடை வாசல்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

தூள் குறைவு என்பது உண்மைதான். ஒரு பீடியில் சுமார் 0.2 கிராம் புகையிலை. சிகரெட்டில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. ஆனால் நெஞ்சுக்குள் போவது புகை.

மாமா பீடி குடிப்பதைப் பார்த்தால் விளங்கும். பேச்சுவாக்கில் கையில் வைத்திருந்தால் அணைந்துவிடும். சிகரெட் தாளில் காற்று புகும், தானாகவே எரியும். பீடி இலையில் காற்று அவ்வளவாகப் புகாது. அணையாமல் வைத்திருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அந்தப் புகையில் வெளிக்காற்று கலப்பதும் குறைவு. ஆய்வுகூட இயந்திரங்களில் புகைக்கவைத்து அளந்தபோது, பீடிப் புகையில் நிக்கொட்டினும் தாரும் காபன் மொனொக்சைட்டும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே இருந்தன.

கடதாசியில் தாங்களே சுற்றிக் குடிப்பவர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மெல்லிதாகச் சுற்றினாலும், உடம்பு கேட்கும் நிக்கொட்டின் கிடைக்கும்வரை இழுப்பார்கள். (சிகரெட்டின் பஞ்சு காப்பாற்றும் என்று நினைப்பதும் தவறு.)

மாமாவுக்கு இப்போது இருமல் மூன்று மாதமாகிறது. தோட்டத்துக் குளிர் என்கிறார். திங்கட்கிழமை கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.