சேர்ந்துவிட்டேன், நன்றி

புது வேலையில் முதல் நாள் பெரும்பாலும் காகிதத்திலேயே கழிந்துவிடும். ஆதார் நகல், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், பி.எஃப். படிவம், லேப்டாப் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து. அன்றைக்கு உங்கள் செய்திக்காக வேறொரு அலுவலகத்தில் ஒருவர் காத்திருப்பார். உங்கள் ரெஸ்யூமை அந்தக் கம்பெனிக்கு அனுப்பிய கன்சல்டன்சி ரெக்ரூட்டர்தான் அவர்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கன்சல்டன்சி பில் போட முடியும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் கணக்கு. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் அவர்களுக்கு 50,000 ரூபாய். ஐ.டி. வேலைகளில் நோட்டீஸ் காலம் 60 நாள், 90 நாள் என்று இழுக்கும். ஆஃபர் வாங்கியவர் அதற்குள் வேறு இடத்துக்குத் தாவிவிடுவதும் சகஜம். ஆகவே கடைசி நாள்வரை ரெக்ரூட்டருக்கு எதுவும் நிச்சயமில்லை. கம்பெனி எச்.ஆர். தகவல் சொல்லச் சில நாள் ஆகலாம்.

அதனால் வெறும் ‘தேங்க்ஸ்’ போதாது. நன்றியோடு சேர்ந்த செய்தியும் அதில் இருக்க வேண்டும். சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலைக்குச் சேரும் ஒருவர் இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். இன்று காலை சோழிங்கநல்லூர் ஆபீசில் டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்ந்துவிட்டேன். ஜாயினிங் வேலை எல்லாம் முடிந்தது. இரண்டாவது ரவுண்ட் தேதியை எனக்காக மாற்றி வாங்கித் தந்தீர்களே, அது பெரிய உதவி. மிக்க நன்றி.”

அவ்வளவுதான். அந்த ரவுண்ட் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் அனுப்பும் செய்தி இல்லை என்று காட்டுவது அதுதான்.

காலையில் கேட் வாசலில் நின்று அனுப்ப வேண்டாம். ரிலீவிங் லெட்டர் இல்லை என்று சேரும் தேதி தள்ளிப்போன கதைகள் உண்டு. காகித வேலை முடிந்து, மதியமோ மாலையோ, சொந்த போனிலிருந்து அனுப்புங்கள். ஆபீஸ் மெயில் வேண்டாம். ஐ.டி. கார்டைப் படமெடுத்து இணைப்பது பலருக்கு ஆசை. அதில் ஊழியர் எண் இருக்கிறது, தவிருங்கள். தம்பியின் ரெஸ்யூமையும் அதே செய்தியில் சேர்த்தால் நன்றி முன்பணம் ஆகிவிடும். அதை ஒரு மாதம் கழித்துத் தனியாக அனுப்பலாம்.

கம்பெனியின் சொந்த ரெக்ரூட்டர் என்றால் நீங்கள் சேர்ந்தது அவருக்கே தெரியும். நன்றி மட்டும் போதும்.

கன்சல்டன்சிக்காரர் அடுத்த சில வாரங்களில் “எப்படிப் போகுது?” என்று கூப்பிடுவார். அக்கறையும் இருக்கும், கணக்கும் இருக்கும். 90 நாளுக்குள் நீங்கள் விலகினால் இன்னொருவரை இலவசமாகப் பிடித்துத் தர வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனை. மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். சம்பளத்தில் ஏதாவது பிடித்திருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதைப் பேச வேண்டிய இடம் உங்கள் கம்பெனி எச்.ஆர்.