உள்பக்கமிருந்து உண்ணும் குடல்

பெருங்குடலில் கட்டியோ காயமோ இருந்து அறுவை சிகிச்சை செய்யும்போது, சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பு வைப்பார்கள். அதற்குக் கீழே உள்ள குடல் சில மாதங்கள் சும்மா கிடக்கும். ஆனால் ரத்த ஓட்டம் நிற்பதில்லை. குளுக்கோஸும் ஆக்சிஜனும் வழக்கம்போல வந்துகொண்டேதான் இருக்கும். ஓய்வில் இருக்கும் குடல் நலமாகத்தானே இருக்க வேண்டும்? பலருக்கு அதன் உள்சுவர் சிவந்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிகிறது. 1981இல் பாஸ்டன் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள்.

இதற்கான துப்பு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்திருந்தது. ரோடிகர் என்ற ஆய்வாளர் மனிதப் பெருங்குடலின் சுவர்ச் செல்களைப் பிரித்தெடுத்து, குளுக்கோஸையும் பியூட்டிரேட்டையும் சேர்த்தே கொடுத்துப் பார்த்தார். செல்கள் பயன்படுத்திய ஆக்சிஜனில் பெரும்பகுதி பியூட்டிரேட்டை எரிக்கவே செலவானது. குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவற்றின் முதல் தேர்வு அது இல்லை.

இந்தப் பியூட்டிரேட் ரத்தத்தில் வருவதல்ல. கீரை, பருப்பு, வாழைத்தண்டு ஆகியவற்றின் நார்ச்சத்தை வெட்ட நம்மிடம் நொதிகள் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர, சில பாக்டீரியாக்கள் அதைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. எனவே சர்க்கரையை முழுவதுமாக எரிக்க முடியாமல், குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகக் கழித்துவிடுகின்றன. அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் மூன்றும் ஏறத்தாழ 60:20:20 விகிதத்தில் உருவாகின்றன. ஒரு கூட்டம் கழித்த அசிட்டேட்டை வாங்கிப் பியூட்டிரேட்டாக மாற்றும் ஃபீக்கலிபாக்டீரியம் போன்ற கூட்டங்களும் உண்டு. மற்ற இரண்டும் பெருமளவு கல்லீரலை நோக்கிப் போய்விட, பியூட்டிரேட்டின் பெரும்பங்கைச் சுவர்ச் செல்களே தின்றுவிடுகின்றன. அதை எரிக்கும்போது ரத்தம் கொண்டுவந்த ஆக்சிஜனும் தீர்ந்துபோவதால், குடலுக்குள் அது கசிவதில்லை. ஆக்சிஜன் பட்டால் சாகும் அந்தப் பாக்டீரியாக்கள் பிழைத்திருப்பதே இதனால்தான்.

சும்மா விடப்பட்ட குடலுக்கு நார் வருவதில்லை. 1989இல் ஹாரிக்கும் சக மருத்துவர்களும் அங்கே சோதித்தபோது இந்த அமிலங்கள் அநேகமாக இல்லவே இல்லை. மூன்று அமிலங்களின் கரைசலை ஆசனவாய் வழியே தினம் இரண்டு முறை செலுத்தினார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் அழற்சி அடங்கியது. நோயாளிகள் நான்கே பேர் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் 13 பேரிடம் 14 நாள் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. வாடிய சுவர் தேற இரண்டு வாரம் போதாமல் இருந்திருக்கலாம். இந்த அழற்சிக்குப் பட்டினி மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இன்றுவரை நம்பகமான சிகிச்சை, வாய்ப்பிருந்தால் குடலை மறுபடி இணைத்துவிடுவதுதான். மலம் பழைய வழியில் வரத் தொடங்கியதும் அழற்சி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடுகிறது.