தாமதமாக வருபவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்

“தாங்கள் அடிக்கடி தாமதமாகப் பணிக்கு வருகிறீர்கள். பலமுறை வாய்மொழியாக எச்சரித்தும் திருந்தவில்லை. இனியும் இது தொடர்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.”

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் கொடுக்கப்படும் மெமோக்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வரியோடு முடிந்துவிடுகின்றன. படிக்கக் கடுமையாக இருக்கும். ஆனால் எந்தெந்த நாள், எத்தனை நிமிடம், யார் எப்போது எச்சரித்தார் என்று ஒன்றுமே இதில் இல்லை. வாங்கியவரால் இதற்குப் பதில் எழுத முடியாது. நாளைக்கு விஷயம் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனால், கொடுத்தவராலும் இதை நிரூபிக்க முடியாது. இரண்டு பக்கத்துக்கும் பயன்படாத ஒரு தாள் பர்சனல் ஃபைலில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்.

உருப்படியான கடிதம் எப்படி உருவாகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கோவைப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிஃப்ட், வாரம் ஒருமுறை மாறும். முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்குத் தொடங்கும், 10 நிமிடம் கிரேஸ் டைம் உண்டு. அங்கே ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு மெஷின் ஆபரேட்டர் ஜூன் மாதத்தில் ஐந்து நாளும் ஜூலையில் இரண்டு நாளும் தாமதமாக வருகிறார். அவர் வராதவரை இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் மெஷினை விட்டு நகர முடியாது. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு இன்னும் அரை மணி நேரம் நின்றாக வேண்டும். புகார் வந்ததே அவரிடமிருந்துதான்.

கடிதம் எழுதும் முன் ஹெச்.ஆர். அதிகாரி செய்ய வேண்டிய முதல் வேலை டைம் ஆபீஸ் பதிவை எடுத்துப் பார்ப்பது. அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கைரேகை மெஷினின் கடிகாரம் ஐந்தாறு நிமிடம் முன்னால் ஓடுவது பல இடங்களில் நடக்கிறது. ஒரே ஒரு மெஷின் இருந்தால், கேட்டுக்குள் 5.55-க்கு வந்தவர் வரிசையில் நின்று 6.11-க்கு விரல் வைத்திருப்பார். கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். நம் உதாரணத்தில் இரண்டு பதிவும் ஒத்துப்போகின்றன: ஜூன் 3-ம் தேதி 6.22, 5-ம் தேதி 6.31, 6-ம் தேதி 6.18, 24-ம் தேதி 6.40, 27-ம் தேதி 6.25. ஜூலை 15-ம் தேதி 6.35, 17-ம் தேதி 6.28. மொத்தம் 199 நிமிடம்.

இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தவுடன் ஒன்று கண்ணில் படும். ஏழு தாமதமும் முதல் ஷிஃப்ட் வாரங்களில் மட்டுமே நடந்திருக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது ஷிஃப்ட்டில் அவர் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. வேலையில் அக்கறை இல்லாதவர் எல்லா ஷிஃப்ட்டிலும்தான் பிந்துவார். இங்கே காலை 6 மணிக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஏதோ ஒரு சிக்கல் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் எழுதப்படும் எச்சரிக்கை தாமதத்தை நிறுத்தாது.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். அதே இரண்டு மாதத்தில் வேறு யாராவது இதே அளவு பிந்தியிருந்தும் கடிதம் போகாமல் இருக்கிறதா? இருந்தால், எச்சரிக்கை இருவருக்கும் போக வேண்டும்; இல்லையென்றால் ஒருவருக்கும் போகக் கூடாது. சூப்பர்வைசருக்குப் பிடிக்காதவருக்கு மட்டும் கடிதம் வருகிறது என்ற பேச்சு கேன்டீனில் கிளம்பிவிட்டால், எவ்வளவு சரியாக எழுதிய கடிதமும் மதிப்பிழந்துவிடும்.

ஜூன் 28 அன்று சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பேசியதைத் தன் டைரியில் தேதியோடு குறித்தும் வைத்திருக்கிறார். ‘வாய்மொழியாக எச்சரித்தோம்’ என்று பின்னால் எழுதும் வரிக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு குறிப்புதான். அதன் பிறகும் ஜூலையில் இரண்டு நாள் தாமதம் நடந்ததால், 18-ம் தேதி விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது. தேதிகளையும் நேரங்களையும் இணைத்து, மூன்று நாளுக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்லும் கடிதம் அது. விளக்கம் கேட்பதும் எச்சரிப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, ‘விளக்கம் தரவும், இதன் மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள்’ என்று முடிக்கிற நிறுவனம், பதிலைப் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

21-ம் தேதி பதில் வருகிறது. அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஜூன் முதல் அவருக்கு வாரத்தில் சில நாள் இரவு டியூட்டி. அவர் வீடு திரும்பும்வரை நான்கு வயதுக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை. தினமும் பிந்தாமல், சில நாள் மட்டும் பிந்தியது ஏன் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

நியாயமான காரணம்தான். அப்படியானால் எச்சரிக்கை வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஏழு நாளில் ஒரு நாள்கூட அவர் போன் செய்து சொல்லவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டபோதும் காரணத்தைச் சொல்லவில்லை. இரவு ஷிஃப்ட்காரர் ஏழு முறை காத்து நின்றார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. காரணம் புரிகிறது என்பதையும், சொல்லாமல் பிந்தியது தவறு என்பதையும் ஒரே கடிதம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி எழுதலாம்:

“ஜூன் 3 முதல் ஜூலை 17 வரை, இணைப்பில் உள்ள ஏழு நாட்களில், முதல் ஷிஃப்ட்டுக்கு நீங்கள் 18 முதல் 40 நிமிடம் வரை தாமதமாக வந்துள்ளீர்கள். ஜூன் 28 அன்று உங்கள் சூப்பர்வைசர் இது பற்றி உங்களிடம் பேசினார். ஜூலை 18 அன்று கேட்ட விளக்கத்துக்கு 21 அன்று நீங்கள் தந்த பதிலைப் படித்தோம். உங்கள் குடும்பச் சூழ்நிலையையும், இதற்கு முன் ஆறு ஆண்டுகளில் உங்கள் மீது எந்தப் புகாரும் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஏழு நாட்களிலும் நீங்கள் முன்தகவல் தரவில்லை. இதனால் மூன்றாவது ஷிஃப்ட் ஆபரேட்டர் தன் வேலை நேரத்துக்குப் பிறகும் காத்திருக்க நேர்ந்தது. எனவே உங்களுக்கு இந்த எச்சரிக்கை வழங்கப்படுகிறது.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உங்களுக்கு முதல் ஷிஃப்ட் தவிர்க்கப்படும். அதன் பிறகு வழக்கமான சுழற்சி தொடரும். எந்த நாளிலாவது தாமதம் தவிர்க்க முடியாததாக இருந்தால், ஷிஃப்ட் தொடங்க அரை மணி நேரம் முன்பாவது சூப்பர்வைசருக்கு போனில் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்குள் முன்தகவல் இல்லாத தாமதம் மீண்டும் நேர்ந்தால், நிலையாணைப்படி குற்றச்சாட்டு வழங்கி விசாரணை நடத்தப்படும். அப்படி நேராவிட்டால், அந்தக் காலத்துக்குப் பின் இந்த எச்சரிக்கை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. இதில் உள்ள விவரம் எதுவும் தவறு என்று கருதினால், ஏழு நாளுக்குள் எழுதித் தரலாம். உங்கள் கடிதமும் இதே கோப்பில் வைக்கப்படும்.”

இதில் ‘பொறுப்பற்ற’, ‘அலட்சியமான’ என்ற சொற்கள் எங்கும் இல்லை. அவை ஆளைப் பற்றிய சொற்கள். யாரும் சண்டைக்கு வரலாம். 6.40 என்பதோடு சண்டை போட முடியாது. ‘வேலையை விட்டு நீக்குவோம்’ என்ற மிரட்டலும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை அது நடக்கக்கூடிய அளவில் மட்டும் சொல்லியிருக்கிறது. ஏழு நாள் தாமதத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கினால், அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிற்தகராறு சட்டத்தின் 11-ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்து வைத்திருந்தது. அதற்குப் பயந்து நீக்கம் கைவிடப்பட்டால், மிரட்டியவர்தான் இளைத்துப்போவார்.

1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள், வழக்கமாகவே தாமதமாக வருவதைத் தவறான நடத்தைகளின் பட்டியலில் வைத்தன. என்றோ ஒரு நாள் பிந்துவது அதில் சேராது. தேதிகளை ஒவ்வொன்றாக எழுதச் சொல்வது இதனால்தான். வழக்கமாகிவிட்டது என்பதைக் காட்ட வேறு வழி இல்லை. தண்டனை கொடுக்கும்போது தவறின் அளவையும் முந்தைய பதிவையும் பிற சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொன்னன. ‘ஆறு ஆண்டுகளில் புகார் இல்லை’ என்ற வரி கருணையால் எழுதப்பட்டதல்ல, விதிப்படி எழுதப்பட வேண்டியது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன்படி 300 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே நிலையாணை கட்டாயம். சிறிய நிறுவனங்கள் தங்கள் நியமனக் கடிதத்திலோ விதிப் புத்தகத்திலோ நேர ஒழுங்கை எழுதி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பளம் பிடிப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ‘மூன்று லேட் என்றால் அரை நாள் சம்பளம் கட்’ என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொடங்கி இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை விதி ஒன்றுதான்: வேலை செய்யாத நேரத்துக்கு உரிய விகிதத்தில் மட்டுமே பிடிக்கலாம். 199 நிமிடம் என்றால் 199 நிமிடச் சம்பளம். அதற்கு மேல் ஒரு ரூபாய் பிடித்தாலும் அது அபராதம். அபராதத்துக்குத் தனி நடைமுறையும், சம்பளத்தில் மூன்று சதவீதம் என்ற வரம்பும் உண்டு.

கடிதத்தைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குகிறோமே, அது ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மட்டும். ‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’ என்று கீழே அச்சடித்து வைத்தால், யாரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், தயங்குவது சரிதான். வாங்க மறுத்தால், இரண்டு சாட்சிகள் முன் மறுத்ததைக் குறித்துவிட்டு, வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும். கடிதம் தமிழில் இருக்கட்டும். படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஆங்கிலத்தில் ஒருவரை எச்சரித்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

ஃபைலில் இருக்கும் இந்தத் தாளைப் பின்னால் பயன்படுத்துவதற்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மைசூர் மாநில அரசுக்கும் மாஞ்சே கவுடா என்ற அரசு ஊழியருக்கும் நடந்த வழக்கில், 1963-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பழைய பதிவை வைத்துத் தண்டனையைக் கூட்டுவதாக இருந்தால், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

இப்படி ஒரு கடிதம் உங்கள் கைக்கே வந்தால், கோபத்தில் வாங்க மறுக்காதீர்கள். தேதி போட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தேதிகளை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தாலும் காரணம் இருந்தாலும், கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நேரில் சொன்னது ஃபைலில் ஏறாது.